ஒரே ஆலை, இரண்டு விதக் கணக்கு: கூட்டு முயற்சியா, கூட்டுச் செயற்பாடா? – ஒரு நிகழ்வு ஆய்வு

சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் இங்கே இல்லை. எண்களைக் கோடிகளில், உருண்டையாக மாற்றியிருக்கிறேன்; அவற்றுக்கு இடையிலான விகிதம் உண்மையில் இருந்தபடியே இருக்கிறது. எந்த நாட்டு நாணயம் என்பது இந்த விஷயத்துக்குப் பொருட்டல்ல. கூட்டு ஏற்பாடுகளுக்கான பன்னாட்டு நிதி அறிக்கை நியமமான ஐஎப்ஆர்எஸ் 11 அல்லது அதன் வழியில் எழுதப்பட்ட உள்நாட்டு நியமம் நடப்பில் இருக்கும் எந்த இடத்திலும் இதே கேள்விதான் எழும்.

பின்னணி

மருந்து தயாரிக்கும் இரண்டு நிறுவனங்கள். சந்தையில் போட்டியாளர்கள், ஆனால் இருவருக்கும் ஒரே தலைவலி. திரவ மருந்துகளை அடைக்கும் கண்ணாடி பாட்டில் நேரத்துக்குக் கிடைப்பதில்லை. விற்பனைக்கு வந்த ஒரு பாட்டில் ஆலையை இருவரும் சேர்ந்து வாங்கினார்கள். அதற்காகவே ஒரு தனி நிறுவனத்தைப் பதிவு செய்தார்கள். இனி அதை ஆலை நிறுவனம் என்றே சொல்கிறேன். நான் முதல் நிறுவனத்தின் கணக்கியல் ஆலோசகர். இரண்டாம் நிறுவனத்தின் கணக்குகளைக் கூட்டங்களில் கேட்டறிந்த அளவுக்கே தெரியும்.

ஆலையின் விலை 200 கோடி. பங்கு மூலதனமாக ஆளுக்கு 40 கோடி போட்டார்கள். மீதி 120 கோடி ஆலை நிறுவனத்தின் பெயரில் வங்கிக் கடன். கடனுக்கு இருவரும் உத்தரவாதம் கொடுத்தார்கள். இயக்குநர் குழுவில் இரு தரப்பிலும் மூன்று பேர். தலைவருக்குக் கூடுதல் வாக்கு கிடையாது. ஆண்டுத் திட்டம், மூலதனச் செலவு, மேலாளர் நியமனம் ஆகியவற்றுக்கு இரு தரப்பும் ஒப்ப வேண்டும். ஆகவே கூட்டுக் கட்டுப்பாடு இருக்கிறதா என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை. எந்த வகைக் கூட்டு என்பதுதான் கேள்வி. கூட்டு முயற்சி என்றால் தரப்பினருக்கு நிகரச் சொத்தில் மட்டுமே உரிமை; கூட்டுச் செயற்பாடு என்றால் சொத்தில் நேரடி உரிமை, கடனில் நேரடிப் பொறுப்பு.

முதல் வகைப்பாடு

முதல் நிறுவனத்தின் கணக்குப் பிரிவு இதைக் கூட்டு முயற்சி என்று பதிந்தது. காரணத்தை ஒரே வரியில் எழுதியிருந்தார்கள்: ‘தனிச் சட்ட ஆளுமை கொண்ட நிறுவனம், எனவே பங்குதாரர்களுக்கு நிகரச் சொத்தில் மட்டுமே உரிமை.’

அந்த வரியில் பாதி சரி. தனியாக ஒரு நிறுவனமே இல்லாமல் இருவர் சேர்ந்து வேலை செய்தால் அது கூட்டுச் செயற்பாடுதான். அங்கே ஆராய ஒன்றும் இல்லை. தனி நிறுவனம் இருந்தால் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். அதன் சட்ட வடிவம் சொத்தையும் கடனையும் உரிமையாளர்களிடமிருந்து பிரிக்கிறதா? அப்படிப் பிரித்ததை ஒப்பந்தம் ஏதாவது மாற்றுகிறதா? இந்த இரண்டுக்கும் அப்பால், நடைமுறையில் உள்ள மற்ற உண்மைகளும் சூழ்நிலைகளும் என்ன காட்டுகின்றன? கணக்குப் பிரிவு முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டது.

2013க்கு முன்பு இதனால் பெரிய சேதம் வந்திருக்காது. பழைய ஐஏஎஸ் 31 கூட்டுக் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனத்தைப் பங்கு விகிதப்படி வரிக்கு வரி சேர்க்கவும் இடம் கொடுத்தது, முதலீட்டை ஒரே வரியில் காட்டி இலாபத்தில் நம் பங்கை அதில் கூட்டும் பங்குரிமை முறைக்கும் இடம் கொடுத்தது, விரும்பியதைத் தேர்ந்துகொள்ளலாம். ஐஎப்ஆர்எஸ் 11 அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. இப்போது வகைதான் கணக்கு முறையைத் தீர்மானிக்கிறது.

வாங்கல் ஒப்பந்தத்தில் கண்டது

ஆண்டு இறுதிக்குச் சில வாரங்கள் இருந்தபோது தணிக்கையாளர் பங்குதாரர் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, “பாட்டில் வாங்கல் ஒப்பந்தம் எங்கே?” என்று கேட்டார். அது கணக்குப் பிரிவிடம் இல்லை. கொள்முதல் பிரிவின் கோப்பில் இருந்தது. பங்குதாரர் ஒப்பந்தம் ஆளுகையைப் பற்றித்தான் பேசும். பணம் எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்பது பெரும்பாலும் இப்படி வேறொரு பிரிவின் அலமாரியில் தூங்கும்.

அந்த ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்கள் இருந்தன.

முதலாவது, உற்பத்தி முழுவதையும் இரு நிறுவனங்களும் பாதிப் பாதியாக எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டும். கண்ணாடி உலையைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. மூட்டிய உலை பல ஆண்டுகள் இரவு பகலாக எரியும். விருப்பப்படி நிறுத்தி மூட்ட முடியாது. உருகிய கண்ணாடியை உள்ளேயே உறையவிட்டால் உலையே பாழாகும். எனவே எடுப்பவர் கையைக் கட்டிப்போடாமல் எந்த வங்கியும் கடன் கொடுத்திருக்காது.

இரண்டாவது, வெளியாருக்கு ஒரு பாட்டில் விற்பதானாலும் இரு நிறுவனங்களின் எழுத்துச் சம்மதம் வேண்டும். போட்டியாளர் கைக்குப் பாட்டில் போய்விடக் கூடாது என்பது நோக்கம்.

மூன்றாவது, விலை. மூலப்பொருள், எரிபொருள், கூலி, தேய்மானம், கடன் வட்டி எல்லாவற்றையும் கூட்டி, அதை எடுப்பவர்களிடம் மாதாமாதம் முன்பணமாக வசூலிக்க வேண்டும். ஆலை நிறுவனத்துக்கு இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஆலை நிறுவனத்துக்கு இந்த இருவரைத் தவிர வேறு வருமானமே கிடையாது. வங்கித் தவணை, எரிபொருள் பில், தொழிலாளர் கூலி எல்லாம் இவர்கள் கட்டும் பணத்திலிருந்தே போகின்றன. ஆலையின் பொருளாதாரப் பயன் ஏறக்குறைய முழுவதும் பாட்டில் வடிவில் இவர்களையே சேர்கிறது. ஐஎப்ஆர்எஸ் 11 சொல்வது இதைத்தான்: பயனை ஏறக்குறைய முழுவதும் தரப்பினரே எடுத்துக்கொண்டு, கடன்களைத் தீர்க்கும் பணத்தையும் அவர்களே தொடர்ந்து தரும்படி ஏற்பாடு அமைந்திருந்தால், நடுவில் நிறுவனம் என்ற சுவர் இருந்தாலும் சொத்தில் உரிமையும் கடனில் பொறுப்பும் தரப்பினருடையவை. அது கூட்டுச் செயற்பாடு.

தணிக்கையாளர் ஒரு விஷயத்தில் கவனமாக இருந்தார். வங்கிக்குக் கொடுத்த உத்தரவாதத்தை அவர் சான்றாகவே எடுத்துக்கொள்ளவில்லை. உத்தரவாதம் கொடுத்ததால் மட்டும் ஒரு கூட்டு, செயற்பாடாக ஆகிவிடாது என்று நியமமே சொல்கிறது. கடன் தவறினால்தான் உத்தரவாதம் உயிர்பெறும். வாங்கல் ஒப்பந்தமோ ஒவ்வொரு மாதமும் கடனைக் கட்டிக்கொண்டிருக்கிறது.

எதிர்ப்பும் முடிவும்

முதல் நிறுவனத்தின் நிதித்துறைத் தலைவர் உடனே ஒப்பவில்லை. அவருடைய கவலை கோட்பாட்டைப் பற்றியதல்ல. முதல் நிறுவனத்துக்குச் சொந்தமாக 150 கோடி கடன் இருந்தது. அதைக் கொடுத்த வங்கி, தனி நிதிநிலை அறிக்கைப்படி கடன் சொந்த மூலதனத்தைத் தாண்டக் கூடாது என்று நிபந்தனை வைத்திருந்தது. சொந்த மூலதனம் 190 கோடி, விகிதம் 0.79. ஆலையின் கடனில் பாதி ஆண்டு இறுதியில் 54 கோடி. அது உள்ளே வந்தால் விகிதம் 1.07 ஆகும், நிபந்தனை மீறப்படும்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு வேறுபாடு இருக்கிறது. கூட்டு முயற்சி என்றால் தனி அறிக்கையில் முதலீட்டை அடக்கவிலையில் வைத்துவிட்டுப் போகலாம். கூட்டுச் செயற்பாடு என்றால் அப்படி முடியாது. தொகுப்பு அறிக்கையில் வரும் அதே சொத்தும் கடனும் தனி அறிக்கையிலும் வரும். தனி அறிக்கையை வைத்து நிபந்தனை எழுதிய வங்கிக்கு இது நேராகப் போய்ப் படும்.

நிதித்துறைத் தலைவர் ஒரு வழி சொன்னார். “விலையைச் சந்தை விலை என்று ஒப்பந்தத்தில் திருத்திவிட்டால்? சந்தை விலையில் வாங்குபவன் சாதாரண வாடிக்கையாளன்தானே?” கெட்டிக்காரத்தனமான கேள்வி, ஆனால் பதில் ஏற்கெனவே இருந்தது. ஐஎப்ஆர்எஸ் விளக்கக் குழு 2015 மார்ச்சில் வெளியிட்ட முடிவுகளில் இதுவும் ஒன்று: உற்பத்தியைச் சந்தை விலைக்கு எடுப்பது தன்னளவில் வகையைத் தீர்மானிக்காது. அந்த விலையில் வரும் பணமும் தரப்பினர் தரும் மற்ற நிதியும் சேர்ந்து ஆலையின் கடன்களைத் தொடர்ந்து தீர்க்கப் போதுமா என்று பார்க்க வேண்டும். எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் வெளிவிற்பனைத் தடையும் அப்படியே நிற்கும்போது விலையின் பெயரை மாற்றுவதால் ஒன்றும் நகராது. அந்த யோசனையை அவரே கைவிட்டார்.

இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. ஒன்று, கூட்டுச் செயற்பாடு என்று வகைப்படுத்துவது. இன்னொன்று, ஆண்டு முடிவதற்கு முன்பே வங்கியிடம் போவது. இந்த இரண்டாவதில் அவசரம் இருந்தது. ஆண்டு இறுதியில் நிபந்தனை மீறப்பட்டிருந்து, வங்கியின் விலக்குக் கடிதம் அதற்குப் பிறகு வந்தால், 150 கோடி நீண்டகாலக் கடன் முழுவதையும் நடப்புக் கடனாகக் காட்ட நேரிடும். வங்கி அதிகாரிகள் ஒப்பந்தங்களைப் படித்தார்கள். ஆலைக் கடனை விகிதக் கணக்கிலிருந்து விலக்கும்படி நிபந்தனையின் வரையறையைத் திருத்தி, ஆண்டு முடிவதற்குள் கடிதம் கொடுத்தார்கள். அவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. வாங்கல் ஒப்பந்தத்தின் நகல் அவர்களிடம் முன்பே இருந்தது.

கணக்கில் இறங்கிய விதம்

ஆலை வாங்கியது ஆண்டுத் தொடக்கத்தில். முழு ஆண்டும் ஓடியது. நடைமுறைச் செலவு 150, தேய்மானம் 20, வட்டி 10, ஆக 180 கோடி. இரு நிறுவனங்களும் 90 கோடி வீதம் கட்டின. கடனில் 12 கோடி திரும்பிப் போனது. ஆண்டு இறுதியில் ஆலை நிறுவனத்திடம் ஆலை 180, ரொக்கம் 8, கடன் 108, மூலதனம் 80. (வாங்கியது இயங்கிக்கொண்டிருந்த தொழில் என்பதால் தொழில் கையகப்படுத்தல் விதிகளும் குறுக்கே வந்தன. அது தனிக் கதை, இங்கே தொடவில்லை.)

முதல் நிறுவனத்தின் தனி அறிக்கையில் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தால்:

| | கூட்டு முயற்சி | கூட்டுச் செயற்பாடு |
|---|---|---|
| முதலீடு | 40 | – |
| ஆலை | – | 90 |
| ரொக்கம் | – | 4 |
| வங்கிக் கடன் | – | 54 |
| நிகரம் | 40 | 40 |

நிகரம் ஒன்றுதான். ஆனால் இடது பக்கத்தைப் படிப்பவர் ஒரு முதலீட்டைப் பார்க்கிறார். வலது பக்கத்தைப் படிப்பவர் பாதி ஆலையையும் பாதிக் கடனையும் பார்க்கிறார்.

இலாப நட்டக் கணக்கில் எழுந்த கேள்வி சுவையானது. கணக்குப் பிரிவின் இளைய ஊழியர் ஒருவர், “ஆலை நிறுவனம் 180 கோடிக்கு விற்றிருக்கிறதே, அதில் பாதியான 90ஐ நம் வருவாயில் சேர்க்க வேண்டுமா?” என்று கேட்டார். வேண்டாம். அந்த விற்பனை நமக்கே செய்தது. நம் பங்கு உற்பத்தியை நாம் வெளியே விற்கும்போதுதான் வருவாய். இங்கே பாட்டில் மருந்தோடு சேர்ந்து போகிறது, மருந்து விற்கும்போது வருவாய் வந்துவிடுகிறது. ஆகவே 90 கோடி கொள்முதல் என்ற வரி மறைந்து, அந்த இடத்தில் நம் பங்கு நடைமுறைச் செலவு 75, தேய்மானம் 10, வட்டி 5 என்று வந்தன.

வட்டி தனியே பிரிந்ததில் ஒரு சிறு விளைவு ஒளிந்திருந்தது. ஆண்டு இறுதியில் பத்தில் ஒரு பங்கு பாட்டில்கள் கிடங்கில் இருந்தன. கொள்முதலாகப் பார்த்தால் அந்த இருப்பின் மதிப்பு 9 கோடி. சொந்த உற்பத்தியாகப் பார்த்தால் அடக்கவிலை 75ம் 10ம் சேர்ந்த 85தான்; திரும்பத் திரும்பப் பெருமளவில் செய்யும் பொருளின் அடக்கத்தில் நாம் வட்டியைச் சேர்ப்பதில்லை. எனவே இருப்பு 8.5 கோடி. செயற்பாட்டு இலாபம் 4.5 கோடி கூடியது, நிதிச் செலவு 5 கோடி கூடியது, நிகர இலாபம் அரைக் கோடி குறைந்தது. இரண்டு முறையிலும் நிகர இலாபம் மாறாது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். இந்த அரைக் கோடியை எங்கே தொலைத்தோம் என்று ஒரு மாலை முழுவதும் தேடிய பிறகு கணக்குப் பிரிவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

மூன்றாம் ஆண்டில் வந்த மாற்றம்

இரண்டாம் நிறுவனம் தன் மருந்துகளில் பலவற்றைப் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாற்றியது. அதற்குப் பாதி உற்பத்தி தேவைப்படவில்லை. ஆனால் உலையைக் குறைத்து எரிக்கவும் வழியில்லை. எடுக்காத பாட்டிலுக்கும் அது பணம் கட்டிக்கொண்டிருந்தது. பேச்சுவார்த்தை நீண்டது. கடைசியில் இரண்டாம் ஆண்டின் இறுதி நாளிலிருந்து ஒப்பந்தம் திருத்தப்பட்டது. எடுக்கும் கட்டாயம் நீங்கியது. ஆலை நிறுவனம் தன் விலையில் யாருக்கும் விற்கலாம். கடன் தவணை அதன் சொந்த வருமானத்திலிருந்து போகும்.

வகையை ஒருமுறை தீர்மானித்துவிட்டு விட்டுவிடக் கூடாது. உண்மைகளும் சூழ்நிலைகளும் மாறினால் மறுபடி பார்க்க வேண்டும் என்பது நியமத்தின் கட்டளை. நிதித்துறைத் தலைவர் இந்த முறை தாமே தணிக்கையாளரைக் கூப்பிட்டார். தணிக்கையாளருக்கு இயல்பாகவே சந்தேகம்: முன்பு கடனை வெளியே வைக்க ஆசைப்பட்டவர்கள் இப்போது காகிதத்தில் ஒப்பந்தத்தை மாற்றிக்கொண்டு வருகிறார்களா? ஆகவே அவர் திருத்தப் பத்திரத்தோடு நிற்கவில்லை. வெளியார் கையெழுத்திட்ட விற்பனை ஒப்பந்தங்களைப் பார்த்தார், அடுத்து வந்த மாதங்களின் விலைப்பட்டியல்களையும் தவணை எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்பதையும் பார்த்தார், வாங்கல் கட்டாயத்தை நீக்க ஆலைக்குக் கடன் கொடுத்த வங்கி சம்மதித்த கடிதத்தைக் கேட்டு வாங்கினார். இந்தக் கடிதம்தான் என் பார்வையில் எல்லாவற்றிலும் வலுவான சான்று. ஆலையின் சொந்த வருமானத்தை வங்கி நம்பத் தொடங்கிவிட்டது என்பதை அது காட்டியது.

மூன்றாம் ஆண்டில் உற்பத்தியில் முதல் நிறுவனம் 40 சதவீதமும் இரண்டாம் நிறுவனம் 15 சதவீதமும் எடுத்தன. 45 சதவீதம் வெளியே போனது. ‘ஏறக்குறைய முழுவதும்’ என்பதற்கு நியமத்தில் சதவீத எல்லை இல்லை. ஆனால் பாதிக்குச் சற்றே குறைவாக வெளியே போகும் நிலையில் அந்தச் சொல்லை நீட்டிப் பிடிக்க யாரும் முயலவில்லை. இன்னொரு அடையாளமும் இருந்தது: எடுக்கும் அளவு 40க்கு 15 என்று பிரிந்தாலும் இலாபப் பங்கு பாதிப் பாதியாகவே நின்றது. பயன் இப்போது பாட்டிலாக வரவில்லை, இலாபமாக வருகிறது. அது நிகரச் சொத்தில் உள்ள உரிமை. வகை கூட்டு முயற்சியாக மாறியது.

மறுபடி பார்க்கச் சொல்லும் பத்தியில், மாறும் நாளில் எந்த மதிப்பில் எழுதுவது என்ற விளக்கம் இல்லை. அன்றைக்கு முதல் நிறுவனத்தின் புத்தகத்தில் ஆலை 80, ரொக்கம் 8, கடன் 48. நிகரமான 40 கோடியையே முதலீட்டின் தொடக்க மதிப்பாக எடுத்தோம்; மறுமதிப்பீட்டு இலாபம் எதுவும் காட்டவில்லை. யாருக்கும் எதையும் விற்கவில்லை, பணம் கைமாறவில்லை என்பது எங்கள் வாதம். தணிக்கையாளர் ஏற்றுக்கொண்டார், தேர்ந்த முறையைக் குறிப்பில் விளக்கினோம். மூன்றாம் ஆண்டில் ஆலை நிறுவனம் 12 கோடி இலாபம் கண்டது. பங்குரிமை முறைப்படி தொகுப்பு அறிக்கையில் முதலீடு 46 கோடி ஆனது. முதல் நிறுவனத்தின் கிடங்கில் விற்காமல் இருந்த பாட்டில்களில் ஒட்டியிருந்த ஆலை இலாபத்தில் நம் பாதியை அதிலிருந்து கழித்தோம். தனி அறிக்கையில் முதலீடு 40 கோடியாகவே நின்றது.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

வகைப்பாட்டுக் குறிப்பைப் பங்குதாரர் ஒப்பந்தத்தை மட்டும் வைத்து எழுதியிருக்கக் கூடாது. வாங்கல், கடன், எரிபொருள், மேலாண்மை என்று அந்த ஆலையைத் தொடும் எல்லா ஒப்பந்தங்களும் மேசையில் இருக்கும்போதுதான் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். இப்போது முதல் நிறுவனத்தில், கூட்டுத் திட்டத்தைச் சார்ந்த எந்த ஒப்பந்தத்தையும் கொள்முதல் பிரிவோ சட்டப் பிரிவோ திருத்தினால், கையெழுத்தாகும் முன் ஒரு நகல் கணக்குப் பிரிவுக்கு வருகிறது.

வங்கி நிபந்தனையைச் சோதிக்க வேண்டிய நேரம் ஆலையை வாங்குவதற்கு முன்பு. அப்போதே இரு வகையிலும் விகிதத்தைப் போட்டுப் பார்த்திருந்தால், கடைசி வாரங்களில் வங்கிக்கும் அலுவலகத்துக்கும் ஓடியிருக்க வேண்டாம்.

ஒரு விஷயம் இன்னும் முடியவில்லை. ஒப்பந்தம் திருந்தியபோதும் வங்கிக்குக் கொடுத்த உத்தரவாதம் அப்படியே இருக்கிறது. கூட்டுச் செயற்பாடாக இருந்தவரை கடனே நம் புத்தகத்தில் இருந்ததால் உத்தரவாதத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. கடன் வெளியே போன பிறகு அது தனியாக அளந்து பதிய வேண்டிய நிதி உத்தரவாதம் ஆகிறது. ஆலை நட்டத்தில் விழுந்தால், முதலீடு பூஜ்யத்தைத் தொட்டதும் நட்டத்தைப் பதிவதை நிறுத்திவிட முடியுமா என்பதும் அந்த உத்தரவாதத்தால் நாம் கட்ட வேண்டி வருமா என்பதைப் பொறுத்தது. அதை விடுவிக்கும்படி இரு நிறுவனங்களும் வங்கிக்கு எழுதியிருக்கின்றன, பதில் வரவில்லை.